படுக்கையிலிருக்கும் தாயார், சுற்றியிருக்கும் குடும்பம்: யாருக்கு எந்தத் தடுப்பூசி?

கேள்வி:

என் தாயாருக்கு 81 வயது. பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையிலேயே இருக்கிறார். இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் நான் (52), சர்க்கரை நோயுள்ள கணவர் (57), மகன், ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் இருக்கிறோம். பகலில் உதவிக்கு வரும் பெண், காலையில் வேறொரு வீட்டில் இன்னொரு முதியவரைக் கவனித்துவிட்டு வருகிறார். எல்லோரும் ஃபுளூ, கக்குவான் இருமல் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளும்படி அம்மாவின் மருத்துவர் சொன்னார். அம்மா வாசற்படி தாண்டுவதே இல்லை. நாங்கள் போட்டுக்கொண்டால் அவருக்கு ஊசி வேண்டியதில்லைதானே? எனக்குச் சிறுவயதிலேயே கக்குவான் வந்து போய்விட்டது, போன ஆண்டு கையில் கத்தி வெட்டியபோது டி.டி. ஊசியும் போட்டாயிற்று, இன்னொன்று எதற்கு? ஊசியால் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அது அம்மாவுக்குத் தொற்றாதா? உதவிக்கு வரும் பெண் ஊசி வேண்டாம் என்கிறார், வற்புறுத்தலாமா? மகனுக்கு இரண்டு வாரமாக இருமல். காய்ச்சல் இல்லை, இரவில் மூச்சு முட்ட இருமி, சில சமயம் வாந்தி எடுக்கிறான். அது நின்றதும் எல்லோரும் சேர்ந்து போய் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒன்றைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தடுப்பூசியைவிட அவசரமானது உங்கள் மகனின் இருமல்.

இருமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்

கக்குவான் இருமல் என்றதும், குழந்தை விடாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் 'ஊப்' என்று ஒலியெழுப்பி மூச்சை இழுப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பெரியவர்களிடம் அந்த ஒலி பெரும்பாலும் இருப்பதில்லை. காய்ச்சலும் இருக்காது, அல்லது லேசாக வந்து போயிருக்கும். தொடர்ச்சியாக வரும் இருமல், இரவில் அதிகமாவது, இருமி முடித்ததும் வாந்தி, இரண்டு இருமல்களுக்கு நடுவே ஆள் சாதாரணமாக நடமாடுவது ஆகியவையே பெரியவர்களிடம் அதன் அடையாளங்கள். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு இது கக்குவான்தான் என்று நான் சொல்ல முடியாது. ஆஸ்துமா, இரைப்பை அமிலம் மேலேறுவது, ஒரு வைரஸ் சளிக்குப் பின் நீடிக்கும் இருமல் என வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் ஒரே வீட்டில் படுக்கையில் ஒரு முதியவரும் வயிற்றில் குழந்தையோடு ஒரு பெண்ணும் இருக்கும்போது, இது கக்குவான் இல்லை என்று தெரியும்வரை இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் சரி.

இருமல் நிற்கும்வரை பொறுப்பது என்ற உங்கள் திட்டம் ஏன் ஆகாது என்றால், கக்குவான் இருமல் பத்து வாரங்கள்வரைகூட நீடிக்கும். ஆனால் அது பிறருக்குப் பரவுவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். மூக்கு ஒழுகும் முதல் கட்டத்திலும், இருமல் தொடங்கிய முதல் மூன்று வாரங்களிலும் அது மிக எளிதாகத் தொற்றும். நீங்கள் காத்திருக்க நினைக்கும் நாட்கள்தாம் பரவும் நாட்கள். மூக்கின் உட்புறத்தின் ஆழத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் சளி எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். பரிசோதனையும் இந்த மூன்று வாரங்களுக்குள்தான் நன்றாகப் பலன் தரும். ஆகவே மகன் நாளையே மருத்துவரைப் பார்க்கட்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லட்டும். அதுவரை அவர் தனி அறையில் படுப்பதும், முகக்கவசம் அணிவதும், பாட்டியின் அறைக்குள் போகாமலிருப்பதும் அவசியம். மனைவியோடு ஒரே அறையில் தூங்குவதையும் தவிர்க்கட்டும்.

கக்குவான் என்று உறுதியானாலோ, மருத்துவருக்குப் பலத்த சந்தேகம் இருந்தாலோ, வழக்கமாகக் கொடுப்பது அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து, ஐந்து நாட்களுக்கு. ஐந்து நாட்கள் முடிந்தபின் அவரிடமிருந்து நோய் பரவாது. ஆனால் இருமல் அதோடு நின்றுவிடாது. இவ்வளவு நாள் கழித்துத் தொடங்கும் மருந்து பரவலை நிறுத்துமே தவிர, கிருமி ஏற்கெனவே செய்துவிட்ட சேதம் ஆற வாரக்கணக்கில் ஆகும். இது தெரியாமல், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து வேறு வேறு மருந்துகளைத் தேடி அலைபவர்கள் பலர்.

அதே மருந்தை, நோய் வராமல் தடுப்பதற்காக வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தருவது வழக்கம். மகனுக்கு இருமல் தொடங்கி 21 நாட்களுக்குள் கொடுத்தால்தான் அதனால் பயன். உங்கள் மருமகளுக்கும் தாயாருக்கும் இது முக்கியம். கர்ப்ப காலத்தில் அசித்ரோமைசின் கொடுக்கலாம். தாயார் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இந்த மருந்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடும். மகனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் மீதியைத் தாயாருக்குக் கொடுப்பது கூடவே கூடாது. அவருடைய மருத்துவர் மருந்துப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யட்டும். கொடுப்பதென்றால், தொடங்கிய சில நாட்களில், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் தடுப்பூசியால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஏற்கெனவே உடலுக்குள் நுழைந்துவிட்ட கிருமியைத் தடுப்பூசி நிறுத்தாது, அதற்குத்தான் மாத்திரை. ஆனால் மாத்திரை முடிந்த பிறகு வரக்கூடிய தொற்றுக்கு மாத்திரை காவலாக இராது. எனவே ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடாமல் இரண்டையும் கூடவே நடத்தலாம்.

தாயாருக்கான ஊசியை உங்கள் ஊசி ஈடுசெய்யாது

தாயார் வெளியே போவதில்லை. ஆனால் வெளியே போய்வரும் ஐந்து பேர் அன்றாடம் அவர் அருகில் வருகிறீர்கள். உங்களில் சிலர் அவருக்கு ஊட்டுகிறீர்கள், உடம்பு துடைக்கிறீர்கள், முகத்துக்கு நேராகக் குனிந்து புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். ஒரே வீட்டில் வாழும் மற்ற இருவரைவிட, நோயாளியும் அவரைக் கவனிப்பவரும் அதிக நேரம், அதிக நெருக்கத்தில் இருக்கிறார்கள்.

'காய்ச்சல் வந்தால் அம்மா அறைக்குப் போகாமலிருந்தால் போதாதா' என்ற எண்ணம் பல குடும்பங்களில் உண்டு. ஃபுளூ வைரஸ், காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, பின்னும் ஐந்து முதல் ஏழு நாட்கள்வரை பரவும். உங்களுக்கு உடம்பு வலிக்கிறது என்று நீங்கள் உணரும்போது, முதல் நாள் நீங்கள் தாயாருக்கு ஊட்டிய சாப்பாடு முடிந்து போயிருக்கும்.

நமக்கு ஒரு வாரப் படுக்கையோடு போகும் ஃபுளூ அவரை ஏன் வீழ்த்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படுத்தே இருப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி முழுதாக விரிவதில்லை. சளியை வெளியே தள்ளும் அளவுக்கு இருமலில் வலு இல்லை. பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதிலும் தடுமாற்றம் இருந்தால், எச்சிலும் உணவும் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். ஃபுளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்படலத்தைச் சேதப்படுத்தி வைத்ததும், காத்திருந்த பாக்டீரியாக்கள் அந்த வழியாக இறங்கி நிமோனியாவாகின்றன. வைரஸ் தணிந்து, தேறிவிட்டார் என்று நினைக்கும் வேளையில்தான் பல முதியவர்கள் மறுபடியும் மோசமாகிறார்கள்.

வயது ஏற ஏற, தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினை பலவீனப்படும். ஆகவேதான் அவரைச் சுற்றியிருப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம். ஆனால் உங்கள் ஊசியும் முழுக் காவல் இல்லை. வைரஸ் வகை நன்கு பொருந்திய ஆண்டுகளில்கூட, ஃபுளூவால் மருத்துவரிடம் போக நேரும் வாய்ப்பை அது 40 முதல் 60 விழுக்காடுவரைதான் குறைக்கிறது. முதியோர் இல்லங்களில் பணியாளர்களுக்கு ஊசி போட்டுச் செய்த ஆய்வுகளில் சில, அங்கிருந்த முதியவர்களின் இறப்பு குறைந்ததாகக் கண்டன. ஆனால் எல்லா ஆய்வுகளும் அதே உறுதியோடு பேசவில்லை. பாதிக் காவல் தரும் இரண்டும் சேர்ந்து இருப்பதே நல்லது என்பது என் முடிவு. தாயாருக்கு ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கென வீரியம் கூட்டிய வகை கிடைத்தால் அதுவே மேல். கூடவே நிமோனியாவுக்கான நியூமோகாக்கஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

வார்ஃபரின் இதற்குத் தடையில்லை. ஐ.என்.ஆர். வழக்கமான எல்லைக்குள் இருந்தால், மெல்லிய ஊசியால் போட்டு, இரண்டு நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும். ஊசிக்காக மாத்திரையை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். கையில் சிறு கன்றல் வருவதைவிட இன்னொரு பக்கவாதம் வருவது பெரிய ஆபத்து.

ஊசியால் வரும் காய்ச்சல் தொற்றாது

கையில் போடும் ஃபுளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. போட்ட பின் ஓரிரு நாட்கள் உடம்பு சூடாக இருந்தால், அது உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை; அந்தச் சூட்டில் பரவுவதற்கு எதுவும் இல்லை. மூக்கில் தெளிக்கும் வகையில் மட்டும் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர் போல எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்தவரைக் கவனிப்போர் அதைத் தவிர்ப்பார்கள். தாயார் அந்த நிலையில் இல்லையென்றாலும், ஊசி வகையையே கேட்டு வாங்கிவிட்டால் உங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

ஊசி போட்டதும் காவல் வந்துவிடாது. ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் வேறெங்காவது வாங்கிய சளியை ஊசியின் மேல் பழிபோட்டு, மறு ஆண்டு வேண்டாம் என்று விட்டுவிடுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதாலும், கிடைத்த எதிர்ப்பும் குறைந்து போவதாலும் இதை ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும் செப்டம்பரில் தென்பாதிக்கும், எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. போடும்போது நடப்புப் பருவத்துக்கான மருந்துதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபுளூ காலம் தொடங்குமுன் போடுவது உத்தமம்.

உங்களைப் போன்று ஆளைத் தூக்கிப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஃபுளூ ஊசியையும் கக்குவான் ஊசியையும் ஒரே நாளில் இரு கைகளில் போடலாம். மருத்துவ ரீதியாகத் தவறில்லை. ஆனால் இரு கைகளும் வலிக்கும் நாளில் தாயாரை யார் புரட்டுவது? நீங்களும் கணவரும் சில நாட்கள் இடைவெளி விட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்; அதிகம் பயன்படுத்தாத கையைக் காட்டுங்கள். கணவருக்கு இது தாயாருக்காக மட்டும் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஃபுளூ கடுமையாவதால், வீட்டில் நோயாளியே இல்லாவிட்டாலும் அவர் போட்டுக்கொள்ள வேண்டியவர்தாம்.

டி.டி. வேறு, கக்குவான் ஊசி வேறு

வெட்டுக்காயத்துக்குப் போட்ட டி.டி. ஊசியில் இருப்பது டெட்டனஸுக்கான மருந்து; சில வகைகளில் டிப்தீரியாவுக்கானதும் சேர்ந்திருக்கும். கக்குவானுக்கு அதில் ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கான கக்குவான் தடுப்பூசி தனியாக வருவதில்லை; டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றும் சேர்ந்த டிடாப் என்ற ஊசியாகவே வருகிறது. போன ஆண்டுதானே டெட்டனஸ் ஊசி போட்டோம், பத்து ஆண்டு ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் டிடாப் போடலாம். கை சற்று அதிகமாக வீங்கி வலிக்கக்கூடும், அவ்வளவே. சிறுவயதில் நோய் வந்ததாலும் பாதுகாப்பு ஆயுள் முழுக்க நிற்பதில்லை. ஆண்டுகள் போகப்போக அது தேய்ந்துவிடும்.

இந்த ஊசியின் எல்லையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் நன்றாகக் காக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தக் காவல் வெகுவாக இறங்கிவிடும். மேலும் அது நோயைத் தடுக்கும் அளவுக்கு, கிருமி மூக்கிலும் தொண்டையிலும் தங்குவதைத் தடுப்பதில்லை. ஆகவே 'நாங்கள் போட்டுவிட்டோம், இனி அம்மாவுக்குக் கக்குவான் வராது' என்று சொல்ல முடியாது. பிறகு ஏன் பரிந்துரைக்கிறேன் என்றால், இருமாதவரிடமிருந்து பரவுவது குறைவு. மேலும், விலா எலும்பில் விரிசல் விழும் அளவுக்கு இருமும் நோய் வாரக்கணக்கில் உங்களைப் பிடித்தால், தாயாரைக் கவனிக்க வீட்டில் ஆள் இராது. தாயார் பெரியவரான பின் டிடாப் போட்டதில்லை என்றால் அவருக்கும் ஒரு முறை போடலாம்.

உங்கள் வீட்டில் இந்த ஊசியால் அதிகப் பலன் பெறப்போவது பிறக்க இருக்கும் குழந்தைதான். கக்குவானால் உயிரிழப்பவர்கள் பெரும்பாலும் தமக்கான முதல் ஊசிக்கே வயது வராத சிசுக்கள். சுற்றியிருக்கும் எல்லோருக்கும் ஊசி போட்டுக் குழந்தைக்கு வேலி கட்டலாம் என்றுதான் முன்பு மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அது மட்டும் போதவில்லை. கர்ப்பிணிக்கே போட்டால், அவர் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. பல நாடுகளின் வழிகாட்டுதல் 27ஆம் வாரத்திலிருந்து 36ஆம் வாரத்துக்குள் போடச் சொல்கிறது; சில நாடுகளில் இன்னும் முன்னதாகவே தொடங்குகிறார்கள். இப்போது ஐந்து மாதம் என்றால் மருமகளுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கலாம். தேதியை அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் இதைப் போட வேண்டும். ஃபுளூ ஊசியை அவர் எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதம் நிரம்பும்வரை குழந்தைக்கு ஃபுளூ ஊசி கிடையாது என்பதால் தாயின் ஊசிதான் அதற்கும் காவல். வீட்டிலுள்ள மற்றவர்கள் குழந்தை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது டிடாப்பை முடித்துவிடுங்கள்.

உதவிக்கு வருபவரை வற்புறுத்தலாமா?

கூடாது. அவர் உடம்பில் என்ன போடுவது என்பது அவருடைய முடிவு. ஆனால் அவர் ஏன் மறுக்கிறார் என்று நீங்கள் கேட்டீர்களா? மறுநாள் காய்ச்சல் வந்தால் கூலி போய்விடும் என்ற பயம்தான் பல சமயம் காரணமாக இருக்கும். செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு, ஊசிக்கு மறுநாள் ஊதியத்தோடு விடுப்பு என்று சொல்லிப் பாருங்கள். ஊசியைவிடவும் நான் முக்கியமாகக் கருதும் ஏற்பாடு ஒன்று உண்டு. உடம்பு சரியில்லாமல் வராத நாளுக்குக் கூலியைப் பிடிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி கொடுங்கள். கூலி பிடிக்கும் வீட்டில் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவார்கள்.

அப்படியும் மறுத்தால், தாயாரின் அறையில் முகக்கவசம், வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுதல், காலையில் போகும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் உடனே சொல்லுதல் ஆகிய மூன்றையும் ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதிலும் நிறைவில்லை என்றால் வேறு ஒருவரை அமர்த்துவது உங்கள் உரிமை. மிரட்டி ஊசி போட வைப்பது உரிமையில்லை. உங்களுக்கும் அவரிடம் ஒரு கடமை இருக்கிறது. மகனுக்குக் கக்குவான் என்று தெரிந்தால் அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், அவர் காலையில் கவனிக்கும் முதியவரும் அந்தக் குடும்பமும் அறியாமலே, உங்கள் வீட்டுக் கிருமி அந்த வீட்டுக் கட்டிலுக்குப் போகும்.

யார் போடக்கூடாது, எதைக் கவனிக்க வேண்டும்

முன்பு இதே ஊசிக்கு மூச்சுத்திணறல், மயக்கம் போன்ற கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மறுபடி போடக்கூடாது. ஃபுளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகால்கள் வலுவிழக்கும் கில்லன் பாரே என்ற நோய் வந்தவர்கள் மருத்துவரிடம் பேசிய பின்னரே முடிவு செய்ய வேண்டும். முட்டை ஒவ்வாமை இப்போது தடையாகக் கருதப்படுவதில்லை. லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் அது இறங்கும்வரை பொறுக்கலாம்.

எல்லோரும் போட்டுக்கொண்ட பின்னும் தாயாருக்கு ஃபுளூ வரக்கூடும். அவருடைய வயதில் அதைக் காய்ச்சலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இரண்டு வேளை சாப்பாட்டை மறுப்பது, மூச்சு வேகமாவது ஆகியவையே முதலில் தெரியும். அவர் நலமாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பதை இப்போதே எண்ணிக் குறித்து வையுங்கள். ஒப்பிட ஒரு எண் கையில் இருந்தால் மாற்றம் சீக்கிரம் புரியும். மாற்றம் தெரிந்த அன்றே மருத்துவரை அழையுங்கள். ஃபுளூவுக்கான ஓசல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அளவு சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்தது என்பதால், அவருடைய அண்மைய கிரியேட்டினின் முடிவை மருந்துப் பட்டியலோடு சேர்த்தே வைத்திருங்கள். வீட்டில் வேறு யாருக்காவது ஃபுளூ உறுதியானாலும், தாயாருக்கு அறிகுறி வரும்வரை காத்திராமல், முன்தடுப்பாக அதே மருந்தைக் கொடுக்கலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.